43 ஜி.பி. கோப்பை வைப்பதா, அழிப்பதா?

இணையத்தின் துணை இல்லாமலே, வீட்டுக் கணினியில் செயற்கை நுண்ணறிவை இயக்கலாம். அதற்கு "மொழி மாதிரி" என்ற கோப்பை இறக்கி வைக்க வேண்டும். இந்தக் கோப்புகள் இடத்தை விழுங்கும் பகாசுரர்கள்!

"ஒல்லாமா" என்ற மென்பொருளில் லாமா 3.3 மாதிரி 43 ஜி.பி. இடம் பிடிக்கிறது. அதற்குள் 7 ஆயிரம் கோடி எண்கள் இருக்கின்றன. எண்ணுக்கு 2 பைட் வீதம் கொடுத்தால் 140 ஜி.பி. ஆகும். சுருக்கியதால்தான் 43!

எதை வைத்துக்கொள்வது? முதலில் கணினியின் நினைவகத்தைப் பார்க்க வேண்டும். 16 ஜி.பி. நினைவகத்தில் 43 ஜி.பி. கோப்பு அடங்காது. ஓடினாலும், சொல்லுக்குச் சொல் காக்க வைக்கும். அதை அழித்து விடலாம். 4.9 ஜி.பி. உள்ள லாமா 3.1 சிறிய மாதிரி இருக்கட்டும்.

அழித்த பிறகும் இடம் கிடைக்காமல் சிலர் திகைப்பது உண்டு. ஒரே மாதிரிக்கு இரண்டு பெயர் சூட்டியிருந்தால், `ollama list` இரண்டுக்கும் 43 ஜி.பி. என்றே காட்டும். வட்டில் இருப்பதோ ஒரே கோப்பு! ஒரு பெயரை மட்டும் நீக்கினால் அது அசையாது. `ollama rm` என்று அடித்து இரண்டு பெயர்களையும் நீக்கினால்தான் இடம் திரும்பக் கிடைக்கும்.