முப்பத்தெட்டு சுற்று தாங்கிய டயர்

2024 செப்டம்பர் 1 அன்று, இத்தாலியின் மோன்ட்சா பந்தயத்தில் ஃபெராரி ஓட்டுநர் சார்ல் லெக்லேர் 15ஆவது சுற்றில் பிட்டுக்குள் நுழைந்து வெள்ளை வளையம் போட்ட டயர்களை மாட்டிக்கொண்டார். மொத்தம் 53 சுற்று. மீதி 38 சுற்றையும் அதே நான்கு டயர்களில் ஓட்டி முடித்தார்.

ஃபார்முலா ஒன்றில் சிவப்பு வளையம் சாஃப்ட், மஞ்சள் மீடியம், வெள்ளை ஹார்ட். இந்தப் பெயர்கள் அந்தந்த வாரத்துக்குத்தான் பொருந்தும். அந்த ஆண்டு பிரெல்லியிடம் C1 முதல் C5 வரை ஐந்து ரப்பர் கலவைகள் இருந்தன, C1தான் மிகக் கடினம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் மூன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். மோன்ட்சாவில் ஹார்ட் என்று வந்த C3, அதே ஆண்டு பார்சிலோனாவில் சாஃப்ட்!

இளகிய ரப்பர், சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் நன்றாக அமுங்கிக் கவ்வும். அதனால் வளைவில் வேகம் கிடைக்கும். ஆனால் அப்படி அமுங்கி விரியும்போதே சூடேறுகிறது, சீக்கிரம் தேய்கிறது. கடினமான ரப்பர் அவ்வளவு கவ்வாது, நெடுநேரம் உழைக்கும். புது டயருக்கு எவ்வளவு பலம் என்பதை அன்று லெக்லேரே பட்டுத் தெரிந்துகொண்டார். அவருக்கு ஒரு சுற்று முன்பே டயர் மாற்றிய மெக்லாரனின் லாண்டோ நோரிஸ், புது ரப்பரில் ஓட்டிய அந்த ஒரே சுற்றில் அவரை முந்திவிட்டார்.

அந்த வார இறுதியில் அணிகளைப் பயமுறுத்தியது தேய்மானத்தைவிட ‘கிரெய்னிங்’தான். டயர் பக்கவாட்டில் வழுக்கும்போது மேல்தோல் கிழிந்து சுருள்கிறது. பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தால் உருண்டு வருமே, அதுபோன்ற துகள்கள் டயர் முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சாலையைத் தொடுவது டயர் அல்ல, அந்தத் துகள்கள். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். மோன்ட்சாவில் அந்த ஆண்டு புதிதாகத் தார் போட்டிருந்ததால், முன்பக்க டயர்களில் இந்தத் தொல்லை அதிகம்.

ஆனால் கிரெய்னிங்குக்கு ஒரு குணம் உண்டு. டயரை வழுக்கவிடாமல் பொறுமையாக ஓட்டினால் துகள்கள் உதிர்ந்து, அடியிலிருக்கும் நல்ல ரப்பர் வெளியே வரும். முழுக்கத் தேய்ந்துபோன டயருக்கு இப்படி மறுவாழ்வு கிடையாது. ரேஸ் ஓடஓடச் சாலையில் ரப்பர் படிந்ததும், எரிபொருள் தீர்ந்து காரின் எடை குறைந்ததும் லெக்லேருக்குக் கைகொடுத்தன.

முன்னணியிலிருந்த மெக்லாரன் காத்திருக்கவில்லை. நோரிஸ் 32ஆவது சுற்றிலும் ஆஸ்கர் பியாஸ்ட்ரி 38ஆவது சுற்றிலும் மறுபடி பிட்டுக்குள் போனார்கள். மோன்ட்சாவில் ஒருமுறை பிட்டுக்குள் போய்வந்தாலே இருபது வினாடிக்கு மேல் போய்விடும். பியாஸ்ட்ரிக்கு அதை ஈடுகட்ட மிஞ்சியது 15 சுற்று. சுற்றுக்குச் சுற்று நெருங்கினார். முன்னே போன பழைய டயர்களோ அவர் எதிர்பார்த்த அளவுக்குச் சோர்ந்துவிடவில்லை. கோட்டைத் தாண்டும்போது லெக்லேர் 2.664 வினாடி முன்னே இருந்தார்.