புது நம்பரில் வந்த மகன்

“அம்மா, போன் தண்ணியில விழுந்துருச்சு. இது என் புது நம்பர். சேவ் பண்ணிக்கோ.”

வாட்ஸ்அப்பில் வரும் இந்தச் செய்தியில் பணம் என்ற பேச்சே இல்லை. அனுப்பியவர் பெயரும் இல்லை. இதை அனுப்புகிறவனுக்கு உங்கள் மகன் பெயர் தெரியாது. உங்களுக்கு மகன் உண்டா என்பதுகூடத் தெரியாது. ஆயிரக்கணக்கான எண்களுக்கு ஒரே செய்தியைத் தட்டிவிடுவான். அவற்றில் சில, வெளியூரில் பிள்ளை இருக்கும் அம்மாக்களின் கைக்குப் போய்ச் சேரும். அவர்களில் ஒருவர் பதறிப்போய், “யாருப்பா, செந்திலா?” என்று கேட்பார். “ஆமாம்மா, செந்தில்தான்.” பெயரை எடுத்துக் கொடுத்தது அம்மா. ஆஸ்திரேலியாவில் 2022-இல் ‘ஹாய் மம்’ என்ற பெயரில் இதே மோசடி பரவியபோதும் சூத்திரம் இதுதான்: காலியிடத்தை விட்டு வை, பெற்றவர் மனமே அதை நிரப்பிவிடும்.

அடுத்தது ‘சேவ் பண்ணிக்கோ’. சாதாரணமாகத் தோன்றும் இந்தச் சொல்லில்தான் பாதி வேலை முடிகிறது. சேமிக்காத எண்ணிலிருந்து செய்தி வந்தால் மேலே வெறும் எண்தான் தெரியும். அனுப்பியவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர், முன்னால் ~ என்ற வளைகோட்டோடு தனியே நிற்கும். ‘இது அவர் சொல்லிக்கொள்ளும் பெயர்’ என்று வாட்ஸ்அப் தன் வழியில் எச்சரிக்கிறது. நீங்கள் ‘செந்தில்’ என்று சேமித்த நொடியில் எண்ணும் வளைகோடும் போய், உங்கள் கையால் எழுதிய பெயர் அங்கே வந்து உட்கார்ந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து ‘செந்தில்’ பணம் கேட்பான். இதற்குள் அது புது நம்பர் என்பதே மறந்திருக்கும். புகைப்படத்துக்கும் இதே கதைதான். ஃபேஸ்புக்கில் இருக்கும் படத்தை யார் வேண்டுமானாலும் தன் முகப்புப் படமாக வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் அதைச் சரிபார்ப்பதில்லை.

‘தண்ணியில விழுந்துருச்சு’ என்பதையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். போன் வேறு, நம்பர் வேறு. நம்பர் இருப்பது சிம்மோடு. போன் நனைந்தால் சிம்மைக் கழற்றி நண்பனின் பழைய போனில் போட்டாலே அதே நம்பர் பேசும். சிம்மும் தொலைந்ததென்றால், ஆதாரைக் காட்டி அதே நம்பருக்கு மாற்று சிம் வாங்கலாம். ஆகவே போன் கெட்டதால் நம்பர் மாறியது என்பதே ஒட்டாத காரணம். ஆனால் மோசடிக்காரனுக்கு இந்தக் காரணம்தான் வேண்டும். பழைய நம்பருக்கு அழைத்துப் பார்க்கும் எண்ணத்தை அது முளையிலேயே கிள்ளிவிடுகிறது. சந்தேகத்தைத் தீர்க்க இருக்கும் நல்ல வழியை, சந்தேகம் வருவதற்கு முன்பே அடைத்துவிடுகிறான். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை மட்டும் மெச்சத்தான் வேண்டியிருக்கிறது.

“வீடியோவில் முகத்தைப் பார்த்துவிட்டால் போதாதா?” என்று கேட்பவர்களுக்குக் கோழிக்கோட்டில் 2023 ஜூலையில் நடந்ததைச் சொல்லலாம். பணி ஓய்வு பெற்ற ஒருவருக்கு, தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது. ஆந்திராவைச் சேர்ந்த பழைய சக ஊழியர் பேசுவதாகச் சொல்லி, குடும்பப் படங்களை அனுப்பி, இருவருக்கும் தெரிந்த நண்பர்களைப் பெயர் சொல்லி விசாரித்திருக்கிறார்கள். பிறகு, தான் துபாய் விமான நிலையத்தில் இருப்பதாகவும், உறவினருக்கு மும்பையில் அவசர அறுவை சிகிச்சை என்றும், 40,000 ரூபாய் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். கோழிக்கோட்டுக்காரர் ஏமாளி இல்லை. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்றார். வீடியோ அழைப்பு வந்தது. திரை நிறைய நண்பரின் முகம், பேச்சு, கண்ணசைவு. சில நொடிகளில் அழைப்பு துண்டிக்கப்பட்டது. பணத்தை அனுப்பிவிட்டார். அந்த முகம் கணினியில் தயாரித்த போலி. அடுத்து 35,000 கேட்டபோதுதான் உறுத்தியது. தன்னிடம் ஏற்கெனவே இருந்த நண்பரின் பழைய நம்பருக்கு அழைத்தார். நண்பர் எடுத்தார், அவர் பணமே கேட்கவில்லை.

முகத்தைப் பார்த்தும் தெரியாதது, பழைய நம்பரைத் தட்டியதும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இதற்குக் காரணம் உண்டு. படம், முகம், குரல், கெஞ்சல் எல்லாம் எதிராளி அனுப்பும் பொருள்கள். அவன் விரும்பியபடி செய்து அனுப்பலாம். உங்கள் போனில் வருஷக்கணக்காக இருக்கும் நம்பர் உங்களிடம் இருக்கும் பொருள். அதில் அவன் எளிதில் கை வைக்க முடியாது. வங்கிகளும் ராணுவமும் ஆளைச் சரிபார்க்கும்போது பிடித்துக்கொள்ளும் விதியும் இதுதான்: செய்தி வந்த வழியிலேயே திரும்பக் கேட்காதே, வேறு வழியில் கேள்.

குரலைப் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஒரு கணினி முறையை வெளியிட்டார்கள். ஒருவர் மூன்று நொடி பேசிய பதிவைக் கொடுத்தால், அவர் சொல்லாததையும் அவர் குரலில் சொல்லும். கல்யாண வீட்டு வீடியோவில் மூன்று நொடி கிடைக்காதா? இதில் போனும் அவனுக்குக் கூட்டாளி. வழக்கமான தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ‘ஸ’ என்ற ஒலியின் வலு பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. நல்ல நாளிலேயே போனில் வருவது குரலின் ஒரு பகுதிதான். மிச்சத்தை நம் நினைவு இட்டு நிரப்புகிறது. அதில் அழுகையும் ஆஸ்பத்திரி இரைச்சலும் சேர்ந்தால் போலியின் குறைகள் காதுக்கு எட்டவே எட்டாது.

ஆகவே முதல் வேலை பழைய நம்பருக்கு அழைப்பது. வாட்ஸ்அப் அழைப்பு வேண்டாம், சாதாரண அழைப்பு. சில சமயம் உறவினரின் வாட்ஸ்அப் கணக்கையே ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்டு வாங்கிப் பறித்திருப்பார்கள். அப்போது செய்தி பழைய நம்பரிலிருந்தே வரும், வாட்ஸ்அப் அழைப்பும் திருடனிடமே போகும். சிம் வழியாக அடிக்கும் மணி உறவினரிடம்தான் போகும். எடுக்கவில்லையா? மருமகளுக்கோ, அறைத் தோழனுக்கோ, மகனின் அலுவலகத்துக்கோ அழையுங்கள். “யாருகிட்டயும் சொல்லாதேம்மா” என்று செய்தியில் இருந்தால் கட்டாயம் அழையுங்கள்.

யாருமே கிடைக்காதபோது கேள்வி கேட்கலாம். படித்த பள்ளி, பிறந்த நாள், நாயின் பெயர் இவை இணையத்தில் கிடைக்கும், பயனில்லை. வீட்டுக்குள் மட்டும் தெரிந்ததைக் கேட்க வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது, இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துக் கேட்பது. “பெரியப்பா வீட்டு நாய்க்குட்டி கடிச்சதே, ஊசி போட்டியா?” பெரியப்பா வீட்டில் நாயே கிடையாது என்று வையுங்கள். உண்மையான மகன், “என்னம்மா உளர்றே, எந்த நாய்?” என்பான். மற்றவனுக்கு அது பொறி என்று தெரிய வழியில்லை. நம் பேச்சுக்கு ஒத்துப் போவதுதான் அவன் தொழில் என்பதால், “போட்டுட்டேம்மா, இப்ப பரவாயில்ல” என்று ஒத்துப் போய்விடுவான். அவன் விழிப்பானவனாக இருந்து, “இப்ப அதெல்லாம் பேச நேரமில்லம்மா” என்று நழுவலாம். நழுவினால் பணம் இல்லை என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். நழுவலை ‘சரி’ என்று எண்ணக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. ஆளைச் சரிபார்க்கவே தேவையில்லாத வழி. மகனுக்கு நீங்கள் வழக்கமாகப் பணம் போடும் வங்கிக் கணக்கு ஒன்று இருக்குமே, அதற்கே அனுப்புங்கள். போன் தண்ணீரில் விழுந்தாலும் வங்கிக் கணக்கு நனைவதில்லை. கேட்டது மகன் என்றால் ஏ.டி.எம். கார்டைக் கொண்டு எடுத்துக்கொள்வான், ஆஸ்பத்திரியில் அந்தக் கார்டையே தேய்ப்பான். கேட்டது வேறு யாராவது என்றால் பணம் மகன் கணக்கில் பத்திரமாகக் கிடக்கும். “பழைய கணக்குலயே போட்டுடறேன் கண்ணு” என்று எழுதிவிட்டு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். “இல்லம்மா, என் ஜிபே வேலை செய்யல, ஃப்ரெண்ட் நம்பருக்கு அனுப்பு” என்று வரும். வராமல் இருக்காது, ஏனென்றால் உங்கள் மகன் பெயரில் கணக்குத் திறக்க மகனின் அடையாள ஆவணங்கள் வேண்டும். அவை மோசடிக்காரனிடம் இல்லை. முகத்தையும் குரலையும் நகலெடுக்க முடிந்தவனால், பணம் போய்ச் சேரும் கணக்கின் பெயரை நகலெடுக்க முடியவில்லை.

அந்தப் பெயர் உங்கள் திரையில் தெரியவும் செய்யும். யூபிஐ செயலியில் எண்ணைப் போட்டதும், பின் எண் கேட்பதற்கு முன் ஒரு பெயர் வரும். 2025 ஜூன் 30-க்குள் எல்லாச் செயலிகளும் வங்கிப் பதிவேட்டில் உள்ள பெயரையே அந்த இடத்தில் காட்ட வேண்டும் என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் உத்தரவிட்டது. வாட்ஸ்அப் பெயர் அவன் வைத்துக்கொண்டது. இது வங்கி அடையாள அட்டை பார்த்து எழுதியது. ஆனால் பெயர் தெரிவதாலேயே அந்த ஆள்தான் திருடன் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது கமிஷனுக்காகத் தன் கணக்கை வாடகைக்கு விட்ட ஏதோ ஒரு ஏழையின் பெயர். உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அது செந்திலின் பெயரா, இல்லையா.

பணம் போய்விட்டதென்றால் 1930-க்கு அழைக்க வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். கையில் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். யூபிஐ ரசீதில் இருக்கும். புகார் பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போகும். அந்தக் கணக்கில் மிச்சம் இருப்பதை வங்கி நிறுத்திவைக்கும். திருடனோ பணத்தை ஒரு கணக்கில் தங்க விடுவதில்லை. இரண்டாவதுக்கு, மூன்றாவதுக்கு என்று துண்டு துண்டாக மாற்றி, கடைசியில் ஏதோ ஒரு ஏ.டி.எம்.மில் ரொக்கமாக எடுப்பான். புகார் பணத்தைவிட வேகமாக ஓடியாக வேண்டும். கோழிக்கோட்டில் அப்படித்தான் ஓடியது: மகாராஷ்டிரத்தில் உள்ள ஒரு வங்கிக் கணக்குக்குப் பணம் போனதைப் போலீசார் கண்டுபிடித்து முடக்கியதால் 40,000 ரூபாயும் மீட்கப்பட்டது. வெட்கப்பட்டு இரண்டு நாள் கழித்துச் சொல்பவர்களுக்கு இந்த வாய்ப்பு குறைவு. உரையாடலை அழிக்காதீர்கள், அந்த எண்ணையும் அவசரப்பட்டு பிளாக் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகு செய்துகொள்ளலாம்.

சில வாரங்கள் கழித்து, “உங்க பணம் மீட்கப்பட்டிருக்கு, விடுவிக்க 2,000 கட்டணும்” என்று ஒருவர் அழைக்கலாம். புகார் எண், போன தொகை எல்லாம் சரியாகச் சொல்லக்கூடும். 1930-இல் கட்டணம் எதுவும் கிடையாது. அழைப்பவரின் பெயரையும் காவல் நிலையத்தையும் கேட்டுக்கொண்டு போனை வையுங்கள். பிறகு நீங்களே 1930-ஐ அழைத்து விசாரியுங்கள்.