401 குவெரியும் ஒரு பரிந்துரைக் கடிதமும்

நவம்பர் பிறந்தால் போதும், மென்பொருள் கம்பெனிகளில் டீம் லீடாக இருப்பவர்களின் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரி செய்திகள் வர ஆரம்பிக்கும். “சார், எம்.எஸ். அப்ளை பண்றேன். ஒரு எல்.ஓ.ஆர். வேணும். டிராஃப்ட் நானே எழுதி அனுப்பிடறேன், நீங்க பார்த்து சைன் பண்ணினா போதும்.”

போன வருஷம் எனக்கு வந்ததும் அப்படித்தான். அனுப்பியவர் எங்கள் குழுவில் ஆறு மாதம் இன்டர்னாக இருந்த மாணவி. அமெரிக்காவில் கணினி அறிவியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறார். அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்கும். இரண்டு பேராசிரியர்களிடம் சொல்லிவிட்டார். மூன்றாவது நான்.

பத்து நிமிடத்தில் டிராஃப்ட்டும் வந்துவிட்டது. கடின உழைப்பாளி, சட்டென்று கற்றுக்கொள்பவர், குழுவோடு ஒத்துப்போகிறவர், கொடுத்த வேலையைக் குறித்த நேரத்தில் முடித்தவர். ஒன்றும் பொய் இல்லை. ஆனால் அவர் பெயரை அழித்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரர் பெயரைப் போட்டாலும் கடிதம் அப்படியே பொருந்தும். இதற்கு முன் ஒரு பையனுக்கு இப்படி வந்த டிராஃப்ட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவனுடைய பேராசிரியர்களும் அதையே செய்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரே ஆள் எழுதிய மூன்று கடிதம், மூன்று கையெழுத்து. வரிசையாக வாசிப்பவருக்கு மூன்றும் ஒரே குரலில் பேசுவது தெரியாமலா போகும்?

நம் ஊரில் ‘சிபாரிசுக் கடிதம்’ என்றதும் எம்.எல்.ஏ. லெட்டர்பேடு நினைவுக்கு வரும். அங்கே யார் கொடுத்தார் என்பதுதான் முக்கியம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை. முதுகலைச் சேர்க்கைக் குழு எதிர்பார்ப்பது சாட்சி சொல்வதைப் போன்றது. மதிப்பெண் அவர்கள் கையில் இருக்கிறது. என்னென்ன செய்தேன் என்று ரெஸ்யூமேயில் இருக்கிறது. ஏன் படிக்க வருகிறேன் என்பதை நோக்கக் கட்டுரையில் விண்ணப்பதாரரே எழுதிவிடுகிறார். இந்த மூன்றிலும் கிடைக்காத ஒன்று உண்டு: விடை தெரியாத ஒரு சிக்கலில் மாட்டியபோது இந்த ஆள் என்ன செய்தார்? அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

எனவே அந்த டிராஃப்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, அவருடைய ஆறு மாத புல் ரிக்வெஸ்ட்களைத் திறந்தேன். ஒரு டெவலப்பர் தன் மாற்றங்களைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் விண்ணப்பம் அது. யார், எப்போது, என்ன மாற்றினார், அதைப் பற்றி யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் தேதியோடு அதில் இருக்கும். நம் ஞாபகம் கடைசி இரண்டு வாரத்தைத்தான் பிடித்து வைத்திருக்கும். இந்தப் பதிவு முதல் வாரத்தையும் சொல்லும். அதில் மூன்றாவது மாதத்து விவகாரம் ஒன்று கண்ணில் பட்டது.

கடைக்காரர்கள் மாதக் கடைசியில் பார்க்கும் விற்பனை அறிக்கைப் பக்கம் ஒன்று எங்களிடம் இருந்தது. சின்னக் கடைகளுக்கு உடனே திறக்கும். மாதம் 400 ஆர்டர் வரும் ஒரு கடைக்கு மட்டும் 30 விநாடி சுற்றிவிட்டு 504 என்ற பிழையோடு நின்றுவிடும். 30 விநாடிக்கு மேல் காத்திருக்காதே என்று சர்வரில் ஒரு வரம்பு வைத்திருந்தோம். “அதை 60 ஆக்கிடலாம்” என்றார்கள் சீனியர்கள். நானும் தலையாட்டினேன்.

இன்டர்ன் மட்டும் அரை நாள் கேட்டார். டேட்டாபேஸுக்குப் போகும் குவெரிகளையெல்லாம் பதிவுசெய்து, உட்கார்ந்து எண்ணினார். மொத்தம் 401. ஆர்டர் பட்டியலை எடுக்க ஒன்று. பிறகு ஒவ்வொரு ஆர்டருக்கும் பணம் வந்ததா என்று கேட்கத் தனித்தனியாக 400. கல்யாண மளிகைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தடவை கடைக்கு ஓடுவது போல. ஒரு ஓட்டத்துக்கு 80 மில்லிவிநாடி என்றால் 401 ஓட்டத்துக்கு 32 விநாடி. 30-ஐத் தாண்டியது ஏன் என்பதற்கு அதுவே கணக்கு. டெவலப்பர்கள் இதை ‘என் பிளஸ் ஒன்’ சிக்கல் என்பார்கள்.

ஆர்டரையும் பணத்தையும் ஒரே குவெரியில் இணைத்துக் கேட்கும்படி மாற்றினார். பக்கம் ஒரு விநாடிக்குள் திறந்தது. எல்லோரும் கைதட்டினோம். கதை இங்கே முடிந்திருந்தால் நான் அதைக் கடிதத்தில் எழுதியிருக்க மாட்டேன். இப்படி ஒரு திருத்தம் தேடினால் யாருக்கும் கிடைக்கும்.

மறுநாள் காலை அந்தப் புல் ரிக்வெஸ்ட்டில் அவரே ஒரு குறிப்புப் போட்டிருந்தார்: ‘இதை மெர்ஜ் செய்ய வேண்டாம். மொத்தத் தொகை தப்பாக வருகிறது.’ பழைய அறிக்கையின் மொத்தத்தையும் புதியதன் மொத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். 1,000 ரூபாய் ஆர்டர் ஒன்றுக்கு 600, 400 என்று இரண்டு தவணையாகப் பணம் வந்திருந்தால், இணைத்தபோது அந்த ஆர்டர் இரண்டு வரிசையாக வந்து 2,000 என்று கூட்டிவிடுகிறது. யாரும் அவரைப் பார்க்கச் சொல்லவில்லை. ரிவ்யூ செய்த எனக்கும் அது தெரியவில்லை. பிறகு பணத்தை ஆர்டர்வாரியாகக் கூட்டித் தனியாக எடுத்து, 401 குவெரியை இரண்டாக்கி முடித்தார். இரண்டு தவணையில் பணம் வந்த ஓர் ஆர்டரை வைத்து ஒரு டெஸ்ட்டும் எழுதினார்.

இந்த ஒரு சம்பவம்தான் என் கடிதத்தின் நடுப்பகுதி. நான் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் தமிழில் இப்படி இருக்கும்:

“மூன்றாவது மாதத்தில், அனுபவமுள்ள நாங்கள் நேர வரம்பைக் கூட்டிச் சமாளிக்க நினைத்த ஒரு கோளாறுக்கு இவர் காரணத்தைத் தேடினார். ஒரு பக்கம் 401 முறை டேட்டாபேஸைக் கேட்பதை எண்ணிக் காட்டினார். அவருடைய முதல் திருத்தம் வேகத்தைக் கொடுத்தது. ஆனால் தவணையில் பணம் வந்த ஆர்டர்களை இரண்டு முறை கூட்டியது. மதிப்பாய்வில் நான் அதைத் தவறவிட்டேன். பழைய முடிவோடு ஒப்பிட்டு அதைக் கண்டுபிடித்து, தன் திருத்தத்தைத் தானே நிறுத்தியவர் இவர்தான்.”

‘நேர்மையானவர்’, ‘அறிவுக்கூர்மை உள்ளவர்’ என்று இதில் எங்கேயும் இல்லை. படிப்பவர் அந்த முடிவுக்குத் தானே வரட்டும். தவறின் கதையையும் எழுதலாமா என்று மாணவர்கள் பயப்படுவார்கள். தன் முடிவைத் தானே சந்தேகித்துச் சரிபார்க்கும் பழக்கம்தான் முதுகலை ஆய்வில் தினமும் தேவைப்படுவது என்பதால், அதை விட்டுவிட்டால் கடிதத்தில் மிஞ்சுவது வேகம் மட்டுமே. இங்கே ஒரு கட்டுப்பாடும் உண்டு. வாடிக்கையாளர் பெயர், விற்பனைத் தொகை, கோடு எதுவும் கடிதத்தில் வரக்கூடாது. சேரும்போது எல்லோரும் கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தம் அதையும் கட்டுப்படுத்தும்.

அடுத்த பத்தியில் எனக்குத் தெரியாததை ஒப்புக்கொண்டேன். அவருடைய கணிதத்தை நான் பார்த்ததில்லை. அதைப் பேராசிரியர்கள் சொல்வார்கள். ஆரம்பத்தில் அவர் எழுதிய விளக்கக் குறிப்புகள் ஒரு வரியில் முடிந்துவிடும், நான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. கடைசி இரண்டு மாதத்தில் அது மாறியது. இதையும் எழுதினேன். குறையே இல்லாத ஆளைப் பற்றிய கடிதத்தில் நிறையையும் யார் நம்புவார்?

கடிதத்தோடு வேலை முடியாது. பல்கலைக்கழகம் மின்னஞ்சலில் அனுப்பும் லிங்க்கைத் திறந்தால் ஒரு படிவம் இருக்கும். எவ்வளவு காலமாக, எந்த முறையில் தெரியும் என்று கேட்கும். அதன் கீழே பல படிவங்களில் ஒரு கட்டம் வரும்: சிக்கல் தீர்க்கும் திறன், எழுத்து, விடாமுயற்சி என்று ஒவ்வொன்றுக்கும் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா, 25 சதவீதமா? பாசத்தில் எல்லாவற்றிலும் உச்சத்தில் டிக் அடிப்பவர்கள்தான் அதிகம். நான் இதுவரை வழிநடத்திய இன்டர்ன்கள் 11 பேர். அவர்களில் முதலாவது ஆள் என்றாலே அது 9 சதவீதம்தான். அதனால் ‘முதல் 5’ என்று டிக் அடிக்க என்னிடம் ஆளே இல்லை! சிக்கல் தீர்ப்பதில் முதல் 10, எழுத்தில் முதல் 25 என்று போட்டேன். 11 பேரை வைத்துத்தான் சொல்கிறேன் என்பதையும் கடிதத்தில் குறிப்பிட்டேன். எத்தனை பேரோடு ஒப்பிட்டோம் என்று சொல்லாத சதவீதத்துக்கு அர்த்தம் கிடையாது.

அலுவலக மின்னஞ்சலிலிருந்து பதில் தருவது நல்லது. ஜிமெயில் என்றால் எழுதியவர் யார் என்ற கேள்வி எழும். கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுத எச்.ஆர். அனுமதி வேண்டும். சில கம்பெனிகள் பணிச் சான்றிதழ் தவிர எதையும் தருவதில்லை. அப்படியானால் வெறும் தாளில், பதவியைக் குறிப்பிட்டுத் தனிப்பட்ட முறையில் எழுதலாம். இந்த அனுமதிக்கே ஒன்றிரண்டு வாரம் போய்விடும். பல பல்கலைக்கழகங்களின் கடைசித் தேதி டிசம்பரில் வருகிறது. கேட்பவர்கள் அக்டோபரிலேயே கேட்டால் டீம் லீடுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். கேட்கும்போது டிராஃப்ட்டுக்குப் பதிலாக, செய்த வேலைகளின் பட்டியல், புல் ரிக்வெஸ்ட் எண்கள், எங்கே தடுமாறினோம் என்ற குறிப்பு, இவற்றைக் கொடுத்தால் போதும்.

இன்னொன்று. அமெரிக்காவில் 1974-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, சேர்ந்த பிறகு மாணவர் தன் கோப்பில் உள்ள கடிதங்களைப் பார்க்கக் கேட்கலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். பெரும்பாலானோர் விட்டுக்கொடுப்பார்கள். பின்னால் மாணவர் படிக்கப்போவதில்லை என்றால்தான் எழுதுபவர் மனதில் பட்டதைத் தயங்காமல் சொல்வார் என்பது அங்குள்ள நம்பிக்கை. இவரும் விட்டுக்கொடுத்திருந்தார். ஆனாலும் ஆசை விடுமா? கடிதத்தை ஏற்றிய அன்று மாலையே போன் வந்தது.

“சார், சும்மா கேக்கறேன்… என்ன எழுதினீங்க?”

“நானூத்தி ஒண்ணு.”

இரண்டு விநாடி சத்தமே இல்லை. பிறகு, “ஐயோ, டோட்டல் தப்பா வந்ததுமா சார்?”

“அதுதான்மா முக்கியமா.”