ஊர் கூடித் திறக்கும் புத்தகக் கடை: எவ்வளவு கேட்பது, எதைக் கொடுப்பது?

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பதினான்கு லட்சம் பேர் வாழ்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கிருந்த பார்ன்ஸ் அண்ட் நோபிள் கிளை மூடப்பட்டது. அதோடு, எல்லா வகை நூல்களும் விற்கும் பொதுவான புத்தகக் கடை என்று ஒன்றுகூட அந்தப் பகுதியில் இல்லாமல் போயிற்று. அங்கேயே பிறந்து வளர்ந்த நோயல் சான்டோஸ் என்ற பெண் அப்போது மனிதவளத் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கடையைத் தானே திறப்பதென்று முடிவெடுத்து, 2017-இல் இண்டிகோகோ என்ற இணையத்தளம் வழியாக ஒரு லட்சம் டாலர் திரட்டப் புறப்பட்டார். இலக்கைத் தாண்டியே பணம் வந்தது. 'தி லிட். பார்' என்ற அந்தக் கடை 2019 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

நம் ஊர்களிலும் வாசகர்கள் கூடும்போது இந்தப் பேச்சு எழுவதுண்டு: "ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் ஒரு கடை திறந்துவிடலாமே!" திறக்கலாம்தான். ஆனால் பணம் கேட்கும் அறிவிப்பை எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தெரியும். எவ்வளவு கேட்பது, கொடுப்பவர்களுக்குக் கைம்மாறாக என்ன தருவது என்ற இரண்டு கேள்விகளையும் பலர் தனித்தனியாக யோசிக்கிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே கணக்கு. தருவதாகச் சொல்லும் ஒவ்வொரு பொருளும் கேட்கும் தொகையைக் கூட்டுகிறது.

இலக்குத் தொகை எப்படி வருகிறது?

ஒரு நடுத்தர ஊரில் 350 சதுர அடியில் கடை போடுவதாக வைத்துக்கொள்வோம். இனி வரும் எண்கள் எல்லாம் கணக்கைக் காட்ட நான் போட்டவை. உங்கள் ஊர் விலையை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

வாடகை மாதம் 12,000 ரூபாய். பத்து மாத அட்வான்ஸ் 1,20,000. அலமாரியும் மின்வேலையும் 1,40,000. முதல் சரக்குக்கு 3,00,000. பில் போடும் கணினி, பெயர்ப்பலகை வகையில் 50,000. விற்பனை சூடுபிடிக்கும்வரை மூன்று மாத வாடகை, ஓர் உதவியாளரின் சம்பளம், மின்கட்டணம் எல்லாம் சேர்த்து 90,000. ஆக மொத்தம் ஏழு லட்சம். தொடங்குகிறவர்கள் கையிலிருந்து இரண்டு லட்சம் போடுகிறார்கள் என்றால், ஊரிலிருந்து வரவேண்டியது ஐந்து லட்சம்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஐந்து லட்சம் வேண்டும் என்பதால் அறிவிப்பிலும் ஐந்து லட்சம் என்றே போட்டுவிடுகிறார்கள். ஆனால் வரும் பணம் முழுவதும் கைக்கு வராது. நிதி திரட்டும் தளம் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். பணப் பரிமாற்றத்துக்கும் ஒரு கட்டணம் உண்டு. அந்தக் கட்டணங்கள்மேல் ஜி.எஸ்.டி. உண்டு. தளத்துக்குத் தளம் இது மாறும். நம் கணக்குக்கு எல்லாம் சேர்த்து 10 விழுக்காடு என்று கொள்வோம். கைம்மாறுப் பொருட்களுக்கு 15 விழுக்காடு போகட்டும். எனில், வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கடைக்கு நிற்பது 75 ரூபாய்.

இப்போது ஐந்து லட்சத்தோடு 25 விழுக்காட்டைக் கூட்டி 6,25,000 என்று போட்டால் போதுமா? போதாது. அதில் 75 விழுக்காடு 4,68,750 தான். ஐந்து லட்சத்தை 0.75-ஆல் வகுக்க வேண்டும். 6,66,667 வருகிறது. அதை 6,70,000 என்று முழுமையாக்கலாம். அறிவிப்பின் முதல் பத்தியில் நிற்க வேண்டிய எண் இதுதான்.

அறிவிப்பில் என்ன எழுதுவது?

பெரும்பாலான அறிவிப்புகள் இப்படித் தொடங்கும்: "நம் ஊரில் வாசிப்புப் பழக்கத்தை வளர்க்கும் உயரிய நோக்கத்தோடு ஒரு புத்தகக் கடை தொடங்குகிறோம். உங்களால் இயன்ற உதவியைச் செய்யுங்கள்." இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் படிப்பவருக்கு முடிவெடுக்க உதவும் செய்தியும் ஒன்றுமில்லை. எவ்வளவு தேவை, எதற்கு, எப்போது கடை திறக்கும் என்று அவர் கேட்க நினைக்கும் எதற்கும் இதில் பதில் கிடையாது. "இயன்ற உதவி" என்றால் நூறு ரூபாயா, ஆயிரமா என்றுகூட அவருக்குப் பிடிபடாது.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"பேருந்து நிலையத்தின் பின்தெருவில் 350 சதுர அடி இடம் பேசி வைத்திருக்கிறோம். கடை திறக்க ஏழு லட்சம் ரூபாய் ஆகும். அதில் இரண்டு லட்சத்தை நாங்கள் போட்டுவிட்டோம். மீதி ஐந்து லட்சம் கடைக்குச் சேர, கட்டணங்களும் உங்களுக்கு நாங்கள் தரும் பொருட்களின் செலவும் உட்பட 6,70,000 ரூபாய் திரட்ட வேண்டும். இதற்கு 40 நாள் வைத்திருக்கிறோம். தொகை முழுதாகச் சேர்ந்தால், நான்கு மாதத்துக்குள் ஏறக்குறைய 2,000 புத்தகங்களோடு கடை திறக்கும். சேராவிட்டால் உங்கள் பணம் உங்களுக்கே திரும்பிவிடும்."

2,000 புத்தகங்கள் என்பதும் கணக்கிலிருந்து வந்ததே. பதிப்பகங்கள் 35 விழுக்காடு கழிவு தருவதாகக் கொண்டால், மூன்று லட்சத்துக்கு வாங்கும் சரக்கின் விற்பனை விலை சுமார் 4,60,000. ஒரு நூல் சராசரியாக 230 ரூபாய் என்றால் 2,000 பிரதிகள்.

கடைசி வரியை எழுதுமுன் தளத்தின் விதியைப் படித்துவிட வேண்டும். இலக்கு நிறைந்தால் மட்டுமே பணத்தை எடுக்கும் முறை ஒன்று. கிக்ஸ்டார்ட்டர் அப்படித்தான் இயங்குகிறது. வந்தவரை எடுத்துக்கொள்ளும் முறை இன்னொன்று. கடைக்கு முதலாவது முறையே பொருத்தம். பாதிப் பணத்தில் பாதிக் கடை போட முடியாது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அலமாரிக்குக் காசில்லாமல் நிற்பது, தொடங்காமல் விடுவதைவிட மோசம்.

திறப்பு நாளைச் சொல்வதிலும் நிதானம் தேவை. பிராங்க்ஸ் கடைக்கு, பணம் கேட்டதற்கும் கதவு திறந்ததற்கும் நடுவே இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இடம் பேசி முடிக்காமல் தேதி அறிவிக்காதீர்கள். தாமதம் வந்தால் மாதம் ஒருமுறை நிலவரம் எழுதுவோம் என்பதை அறிவிப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

கைம்மாறுப் படிகள்

நம் 6,70,000 ரூபாயை ஐந்து படிகளாகப் பிரிப்போம்.

- 300 ரூபாய்: கடையின் பெயர் பொறித்த நூல்குறி. 200 பேர்.
- 1,000 ரூபாய்: துணிப்பை, கடைச் சுவரில் பெயர். 220 பேர்.
- 2,500 ரூபாய்: 600 ரூபாய்க்கான புத்தகக் கூப்பன். 72 பேர்.
- 5,000 ரூபாய்: 1,000 ரூபாய்க் கூப்பன், ஓர் அலமாரித் தட்டில் பெயர்ப் பட்டை. 24 பேர்.
- 15,000 ரூபாய்: அவர் சொல்லும் பள்ளிக்கு அவர் பெயரில் 3,000 ரூபாய்ப் புத்தகங்கள். 6 பேர்.

கூட்டினால் சரியாக 6,70,000 வரும். நூல்குறிக்கு 20 ரூபாய், பைக்கும் பெயர் எழுதவும் 150, பெயர்ப் பட்டைக்கு 150 ஆகட்டும். கூப்பனையும் பள்ளிப் புத்தகங்களையும் கடை வாங்கும் விலையில் கணக்கிட்டால், 600 ரூபாய்க் கூப்பனுக்கு ஆகும் செலவு 390. இப்படி எல்லாம் சேர்த்துச் சுமார் 96,000 ரூபாய். ஒதுக்கிய 15 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

கூப்பன் கொடுப்பதில் கை நீண்டுவிடக் கூடாது. ஆயிரம் ரூபாய் கொடுத்தவருக்கு ஆயிரம் ரூபாய்க்கே கூப்பன் தந்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தளக் கட்டணம் 100, புத்தகத்தின் அடக்க விலை 650 போக, கடை கட்ட மிஞ்சுவது 250 தான். அது முன்கூட்டியே செய்த விற்பனை. கடைக்கான முதல் ஆகாது. ஆயுள் முழுக்க 10 விழுக்காடு தள்ளுபடி என்ற வாக்குறுதி இதைவிட ஆபத்தானது. 35 ரூபாய்க் கழிவில் 10 ரூபாயை, அதுவும் கடைக்கு அடிக்கடி வரப்போகும் நல்ல வாடிக்கையாளர்களிடமே, காலமெல்லாம் விட்டுக்கொடுக்க நேரும். தள்ளுபடி தந்தே ஆகவேண்டுமென்றால் ஓராண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூப்பன்களை எப்போது மாற்றுவது என்பதும் முக்கியம். மேலே சொன்ன படிகளில் 67,200 ரூபாய்க்குக் கூப்பன்கள் வெளியே நிற்கின்றன. எல்லாரும் திறப்பு மாதத்திலேயே வந்தால், அலமாரியில் இடம் காலியாகும். கல்லாவில் காசு விழாது. பதிப்பகத்துக்கு அடுத்த ஆர்டர் போடப் பணம் இருக்காது. ஆகவே, "கடை திறந்த மூன்றாம் மாதம் முதல் ஓராண்டுவரை செல்லும்" என்று கூப்பனிலேயே அச்சிட வேண்டும். பொருட்களைக் கடைக்கு வந்து பெற்றுக்கொள்வதையே வழக்கமாக வையுங்கள். வெளியூருக்கு அனுப்ப வேண்டுமானால் கூரியர் செலவைத் தனியாகக் கேட்டுவிடுவது நல்லது. 150 ரூபாய்ப் பையை 80 ரூபாய் செலவழித்து அனுப்பினால் கணக்கு முழுவதும் குலைந்துபோகும்.

இந்தப் பட்டியல் இன்னொன்றையும் சொல்கிறது: 522 பேர் வேண்டும். அறிவிப்பு வெளியாகும் முன்னால் தொடங்குகிறவர்கள் தங்கள் தொலைபேசிகளைத் திறந்து, பெயர் சொல்லிக் கேட்கக்கூடியவர்களை எழுத வேண்டும். பட்டியல் நூறைத் தாண்டவில்லை என்றால், எழுத்து எத்தனை நன்றாக அமைந்தாலும் 522 பேர் வரமாட்டார்கள். இலக்கைக் குறைத்து 200 சதுர அடிக் கடைக்குக் கணக்குப் போடுவதே அப்போது சரி.

கடனாகக் கேட்கலாமா?

இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் அக்டோபர் புக்ஸ் என்ற கூட்டுறவுப் புத்தகக் கடை 2018-இல் அப்படிக் கேட்டது. கடனாகவும் நன்கொடையாகவும் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி, பழைய வங்கிக் கட்டடம் ஒன்றை வாங்கியது. குடிபோன நாளில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் தெருவில் வரிசையாக நின்று, புத்தகங்களைக் கைமாற்றிக் கைமாற்றியே புதுக் கடைக்குக் கொண்டுசேர்த்தார்கள்.

நம் நாட்டில் அதை அப்படியே செய்ய முடியாது. திருப்பித் தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் பணம் வாங்குவது, 2019-ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடும். ஒரு தனியார் கம்பெனி பொதுமக்களை அழைத்துப் பங்கு விற்கவும் அனுமதியில்லை. எனவே "மூன்று ஆண்டில் வட்டியோடு தருகிறோம்", "லாபத்தில் பங்கு" போன்ற வரிகள் அறிவிப்பில் வரக் கூடாது. சாதாரண வணிகக் கடைக்குத் தரும் பணத்துக்கு 80ஜி வருமான வரிச் சலுகையும் கிடையாது. அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். வரும் தொகையைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதை, அறிவிப்பு வெளியாகும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

எல்லாம் எழுதி முடித்ததும், இந்த முயற்சியில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். படித்து முடித்த பிறகு, தாளைப் பார்க்காமல் அவர் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மொத்தம் எவ்வளவு தேவை? எதற்கெல்லாம்? நான் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் எனக்கு என்ன வரும்? இலக்கு எட்டாவிட்டால் என் பணம் என்னாகும்? ஒன்றில் தடுமாறினாலும், அந்த இடத்தைத் திருத்தி எழுதிய பிறகே வெளியிடுங்கள். இதே கேள்விகளைத்தான் பணம் கொடுக்கப் போகும் 522 பேரும் கேட்பார்கள். அவர்களில் பலர் வாய்விட்டுக் கேட்காமலே பக்கத்தை மூடிவிடுவார்கள்.