மசோதா சட்டமாவது எப்படி? ஜி.எஸ்.டி. சொல்லும் பாடம்

வணிகப் பெருமக்களே! அரசிதழில் சட்டம் வந்த பிறகுதான் நம்மில் பலர் அதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். அதற்கு முன்பே அதைத் திருத்த வழி உண்டு. நம் எல்லோருக்கும் தெரிந்த ஜி.எஸ்.டி.க்கான அரசியல் சட்டத் திருத்தம் வந்த வழியைப் பார்ப்போம்.

முதற்படி, அறிமுகம். 2011-ல் கொண்டுவந்த மசோதா நிறைவேறுவதற்குள் 2014-ல் மக்களவையின் காலம் முடிந்தது; மசோதாவும் காலாவதியானது. மக்களவையில் நிலுவையில் உள்ள மசோதாவுக்கு அவை கலைந்தால் இதுவே கதி. ஆகவே 2014 டிசம்பரில் புதிய மசோதா வந்தது.

அதில் நம்மைத் தொட்ட விதி ஒன்று இருந்தது. வெளிமாநிலத்துக்குப் போகும் சரக்கின் மீது 1 சதவீதம் வரை கூடுதல் வரி. ஒரு லட்ச ரூபாய் சரக்குக்கு ஆயிரம் ரூபாய் வரை. அடுத்து வாங்குபவர் அதைத் தம் வரியில் கழித்துக்கொள்ள முடியாது என்பதால், அது விலையிலேயே ஏறிவிடும்.

அடுத்த படி, விவாதமும் வாக்கெடுப்பும். 2015 மே 6-ல் மக்களவை மசோதாவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. அங்கே மசோதா தேர்வுக்குழுவுக்குப் போனது. இந்தக் குழுக் கட்டம்தான் நமக்கு முக்கியம். குழுக்கள் பொதுமக்களிடமும் சங்கங்களிடமும் எழுத்து மூலம் கருத்துக் கேட்பது வழக்கம். "விதி இன்னது, பாதிப்பு இவ்வளவு, மாற்று வாசகம் இது" என்று எழுதும் மனுவுக்கு அங்கே மதிப்பு உண்டு.

பேச்சுகள் நீண்டன. 2016 ஆகஸ்ட் 3-ல் மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியபோது அந்த 1 சதவீத விதி நீக்கப்பட்டிருந்தது. இரு அவைகளும் ஒரே வாசகத்தை ஏற்க வேண்டும் என்பதால் மசோதா மக்களவைக்குத் திரும்பி, ஆகஸ்ட் 8-ல் ஒப்புதல் பெற்றது. மாநிலங்களின் வரி அதிகாரத்தைத் தொடுவதால், பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டமன்றங்களும் ஏற்க வேண்டியிருந்தது. சாதாரண மசோதாவுக்கு இந்தப் படி கிடையாது. செப்டம்பர் 8-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அது 101-வது திருத்தமானது.

2017-ல் வந்த மத்திய ஜி.எஸ்.டி. மசோதாவோ பண மசோதா. அத்தகைய மசோதாவை மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்; அதன் யோசனைகளை மக்களவை ஏற்காமலும் விடலாம். மார்ச் 27-ல் அறிமுகமான அது ஏப்ரல் 12-லேயே ஒப்புதல் பெற்றுவிட்டது. இங்கே நமக்குக் கிடைத்தது பதினாறே நாள். வரி வசூல் தொடங்கியது ஜூலை 1-ல். ஒப்புதல் நாள் வேறு, அமலுக்கு வரும் நாள் வேறு.

ஆகவே மசோதா அறிமுகமானதும் நாம் கேட்க வேண்டியவை இரண்டு: அது பண மசோதாவா? குழுவுக்குப் போகிறதா? போகிறது என்றால், நம் மனு அப்போதே புறப்பட வேண்டும்.