உங்களுக்குத் தெரியுமா? பதிவிறக்கத்தைத் தடுத்தால் பெயரும் போகலாம்

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் பதிவிறக்க அனுமதியை அணைத்தால், மற்றவர்களுக்குப் பதிவிறக்கப் பொத்தான் மறைகிறது, அவ்வளவுதான். திரைப்பதிவை அது தடுப்பதில்லை. அனுமதி இருந்தால், பொதுக் கணக்கின் ரீல் இன்ஸ்டாகிராம் முத்திரையோடும் பதிவேற்றியவரின் கணக்குப் பெயரோடும் இறங்கும். வாட்ஸ்அப்பில் எங்கே சுற்றினாலும் உரியவர் யார் என்று தெரியும். பதிவிறக்க வழி அடைபட்டால், விரும்புகிறவர் திரையைப் பதிந்து ஓரங்களை வெட்டிவிடுவார், பெயரும் அதோடு போய்விடும். முத்திரையையும் வெட்டலாமே என்பீர்கள். உண்மைதான், ஆனால் அதற்குத் தனியே மெனக்கெட வேண்டும், பெரும்பாலோர் அப்படியே அனுப்பிவிடுவார்கள். ஆகவே பெயர் பரவ வேண்டியவருக்குத் திறந்த கதவே லாபம். குழந்தைகளின் படமென்றால் நிலைமை வேறு: அங்கே பொத்தானை மட்டும் நம்பாமல் கணக்கையே தனிப்பட்டதாக்க வேண்டும். ரீமிக்ஸுக்கான அனுமதியோ தனி அமைப்பு. பதிவிறக்கத்தை அணைப்பது அதைத் தொடாது.