கையெழுத்துக்கு முன் ஒரு மின்னஞ்சல்

பிரிட்டன் மருத்துவமனையில் வேலை என்று ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்விலும், இந்தியாவிலேயே எழுதக்கூடிய சி.பி.டி. என்ற கணினித் தேர்விலும் தேறியாயிற்று. பல செவிலியர்கள் இந்தக் கட்டத்தில் விமான டிக்கெட்டைத்தான் யோசிக்கிறார்கள். ஆனால் அவர்கள் அப்போது இன்னும் அந்த நாட்டின் பதிவு பெற்ற செவிலியர் இல்லை. அங்கே போய் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்விலும் தேறிய பிறகுதான் அந்நாட்டு நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி. பதிவு எண் தரும். ஆளெடுப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டியது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

ஆஸ்கியில் பத்து நிலையங்கள். நோயாளியை மதிப்பிடுவது, பராமரிப்புத் திட்டம் எழுதுவது, மருந்து கொடுப்பது என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். நம் ஊரில் பல ஆண்டுகள் வார்டு பார்த்தவர்களும் இதில் சறுக்குவதுண்டு. ஊசி போடத் தெரியாததால் அல்ல. நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுச் சரிபார்ப்பது, ஒவ்வாமை உண்டா என்று கேட்பது போன்றவற்றைத் தேர்வாளர் முன் செய்துகாட்டத் தவறுவதால். வேலையில் சேர்ந்த 12 வாரத்துக்குள் முதல் முறை எழுதிவிட வேண்டும். தோற்றால் ஒரு விண்ணப்பத்தில் மொத்தம் மூன்று வாய்ப்பு.

எனவே மின்னஞ்சலில் இப்படிக் கேட்கலாம்: “ஆஸ்கி பயிற்சி எத்தனை வாரம்? அது சம்பளத்தோடு கூடிய வேலைநேரமா? முதல் தேர்வுக் கட்டணத்தையும், தோற்றால் மறுதேர்வுக் கட்டணத்தையும் யார் கட்டுவது? பதிவு எண் வரும்வரை எந்த பேண்டில் சம்பளம்?” பதிவுக்கு முன் பேண்ட் 3, பின் பேண்ட் 5 என்பதே பெரும்பாலும் வழக்கம். ஆஃபரில் பெரிதாகத் தெரியும் தொகை பிந்தையதாக இருக்கலாம்.

அடுத்தது ஒப்பந்தத்தில் உள்ள திருப்பிச் செலுத்தும் ஷரத்து. இரண்டு ஆண்டுக்குள் விலகினால் 4,800 பவுண்ட் தர வேண்டும் என்று ஓர் ஒப்பந்தம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். மாதாமாதம் குறையும் என்று எழுதியிருந்தால், 15 மாதம் வேலை பார்த்து விலகுபவர் மீதி 9 மாதத்துக்கான 1,800 பவுண்ட் கட்டினால் போதும். அந்த வரி இல்லையென்றால் முழுத்தொகையையும் கேட்பார்கள். “எந்தெந்தச் செலவு இதில் சேரும், மாதந்தோறும் எவ்வளவு குறையும், மூன்று முறையும் ஆஸ்கியில் தேறாவிட்டால் இது பொருந்துமா?” என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பிரிட்டன் அரசின் ஆளெடுப்பு நெறிமுறைப்படி, வேலை வாங்கித் தருவதற்காக ஏஜென்சி செவிலியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

“வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்” என்பது பதில் அல்ல. போனில் சொன்னாலும், “நீங்கள் இன்று சொன்னது இதுதானே?” என்று எழுதி அனுப்பி உறுதி வாங்குங்கள். அந்த உறுதி வரும்வரை கையெழுத்தைத் தள்ளிவையுங்கள்.